ஸ்டீராய்டா, விகாபட்ரினா? கைக்குழந்தை வலிப்பில் முதல் 14 நாட்கள்

ஏழு மாதம், ஏழு கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். தூங்கி எழுந்ததும் தலை லேசாக முன்னால் கவிழ்கிறது, இரண்டு கையும் விரிகின்றன, ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. சில நொடி கழித்து மறுபடி, அப்புறம் மறுபடி. இப்படி இருபது, முப்பது தடவை. நடுவில் ஒரு அழுகை. பாட்டி "உரம் விழுந்திருக்கு" என்று புடவையில் போட்டு உருட்டச் சொல்கிறார். இன்னொருவர் வாயு என்கிறார். மூன்று வாரம் போய்விடுகிறது. அதற்குள் குழந்தை சிரிப்பதையும் முகம் பார்ப்பதையும் குறைத்துக்கொண்டது. கடைசியில் அப்பா போனில் எடுத்த வீடியோதான் நோயைக் காட்டிக்கொடுத்தது. இ.இ.ஜி.யில் மூளையின் மின்னலைகள் ஒழுங்கே இல்லாமல் உயர்ந்து சிதறிக் கிடந்தன. இதற்கு ஹிப்சாரித்மியா என்று பெயர். நோய்க்குப் பெயர் இன்ஃபன்டைல் ஸ்பாசம்; அந்த ஒரு நொடிக் கவிழ்தல்தான் ஸ்பாசம். 1841இல் தன் சொந்த மகனிடம் இதைக் கண்டு, 'லான்செட்' இதழுக்கு எழுதிய வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவரின் பெயராலும் இதை அழைக்கிறார்கள்.

வழக்கமான வலிப்பு மருந்துகள் இதில் பெரும்பாலும் எடுபடுவதில்லை. முதல் மருந்தாக நிற்பவை இரண்டு வகைதான்: ஹார்மோன் சிகிச்சை, விகாபட்ரின் என்ற தனி வலிப்பு மருந்து. ஹார்மோன் என்றால் வாய்வழி கொடுக்கும் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, அல்லது உடம்பையே ஸ்டீராய்டு சுரக்கத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஊசி. இலங்கையில் நடந்த ஒரு சோதனையில் அதிக அளவு ப்ரெட்னிசலோன், ஊசியைவிட மோசமாக இல்லை. நன்றாகவே வேலை செய்தது. விலையும் குறைவு, குத்தும் வலியும் இல்லை. அதனால் இங்கே ப்ரெட்னிசலோனையே பேசுகிறேன்.

எது முதலில் என்பதற்கு ஒரே விதிவிலக்கைக் கடந்தால் பதில் கிட்டத்தட்ட தெளிவாகிவிடும். அந்த விதிவிலக்கு டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணு நோய். தோலில் வெளிறிய திட்டுகள், இதயத்தில் சிறு கட்டி, எம்.ஆர்.ஐ.யில் மூளையில் முடிச்சுகள் என்று அடையாளம் தெரியும். பிரான்சில் 1997இல் வெளியான சிறு ஆய்வில், இந்த நோய் இருந்த 11 குழந்தைகளுக்கு விகாபட்ரின் கொடுத்தார்கள். 11 பேருக்கும் ஸ்பாசம் நின்றது. ஸ்டீராய்டு பெற்ற 11 பேரில் 5 பேருக்குத்தான் நின்றது. எண்ணிக்கை சிறியதுதான், ஆனாலும் இந்தக் குழந்தைகளுக்கு விகாபட்ரின் என்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. அதனால் மருந்தை எழுதும் முன் குழந்தையின் துணியைக் கழற்றி, முடிந்தால் உட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கில், வெளிறிய திட்டு இருக்கிறதா என்று உடம்பு முழுவதும் பார்ப்பது முதல் வேலை.

அந்த நோய் இல்லையென்றால்? பிரிட்டனில் 107 குழந்தைகளை வைத்து நடந்து, 2004இல் வெளியான சோதனையில், 13, 14ஆம் நாட்களில் ஹார்மோன் பெற்றவர்களில் 73 சதவீதத்தினருக்கு ஸ்பாசம் நின்றிருந்தது. விகாபட்ரினில் 54 சதவீதம். 14 மாத வயதில் வலிப்பு நிலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் காரணம் எதுவும் கண்டுபிடிக்கப்படாத குழந்தைகளில் ஹார்மோன் பெற்றவர்களின் வளர்ச்சி மேலாக இருந்தது. என் தராசு ஸ்டீராய்டு பக்கம் சாய்வது இதனால்தான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் அதிகம் பேருக்கு ஸ்பாசம் நிற்கிறது என்பதைப் பின்னர் வந்த பெரிய சோதனை காட்டியது. ஆனால் 18 மாதத்தில் வளர்ச்சியில் அந்த ஆதாயம் தெரியவில்லை.

சரி, நம் குழந்தைக்கு டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் இல்லை என்று வைப்போம். பிரிட்டன் சோதனையின் அளவுப்படி, ப்ரெட்னிசலோன் 10 மி.கி. வீதம் தினம் நான்கு வேளை. கிலோவுக்குக் கணக்குப் போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது தூக்கிவாரிப் போடும். ஏழு கிலோவுக்கு 40 மி.கி. என்பது ஆஸ்துமாவுக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு. ஒரு வாரத்தில் ஸ்பாசம் நிற்காவிட்டால் 20 மி.கி. வீதம் மூன்று வேளை. 14 நாள் முடிந்ததும் திடீரென்று நிறுத்தக்கூடாது. தினம் 40 மி.கி.யில் இருந்தவருக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை 10 மி.கி. குறைத்து 30, 20, 10 என்று இறங்க வேண்டும். 60இல் இருந்தவருக்கு 40, 20, 10.

இங்கே ஒரு சின்னப் பிசகு பெரிய ஆபத்தாகும். ப்ரெட்னிசலோன் சிரப் 5 மி.லி.யில் 5 மி.கி., 5 மி.லி.யில் 15 மி.கி. என்று இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது. 10 மி.கி. என்றால் முதலாவதில் 10 மி.லி., இரண்டாவதில் சுமார் 3.3 மி.லி. கடைக்காரர் பாட்டிலை மாற்றினால் அளவு மூன்று மடங்கு கூடும் அல்லது மூன்றில் ஒன்றாகக் குறையும். சீட்டில் மி.லி. மட்டும் எழுதாமல் மி.கி.யும் பாட்டிலின் வீரியமும் எழுதச் சொல்லுங்கள்.

விகாபட்ரின் எடைக் கணக்கில் போகிறது. முதல் நாள் கிலோவுக்கு 50 மி.கி., மறுநாள் முதல் 100, நான்கு நாளுக்குப் பிறகும் நிற்காவிட்டால் 150. எல்லாம் இரண்டு வேளையாகப் பிரித்து. 500 மி.கி. பொடியை 10 மி.லி. தண்ணீரில் கலக்கினால் ஒரு மி.லி.யில் 50 மி.கி. நம் குழந்தைக்கு 100 என்ற கட்டத்தில் வேளைக்கு 350 மி.கி., அதாவது 7 மி.லி. 150 என்றால் வேளைக்கு 525 மி.கி., 10.5 மி.லி. ஒரு பாக்கெட் கரைசல் அப்போது போதாது என்பதைப் பெற்றோர் கவனிக்காமல் விடுவது உண்டு.

கண்காணிப்பில்தான் இரண்டும் வெகுதூரம் பிரிகின்றன. ஸ்டீராய்டின் ஆபத்து முதல் சில வாரத்திலேயே முகத்தில் தெரியும்: குழந்தை எரிச்சலோடு அழும், பசி அடங்காது, முகம் ஊதும். கண்ணுக்குத் தெரியாதது ரத்த அழுத்தம். தொடங்கும் முன்பும், பிறகு வாரம் ஒருமுறையாவதும், கைக்குழந்தைக்கான பட்டையால், அழாதபோது அளக்க வேண்டும். அழும்போது வரும் எண்ணை நம்பக்கூடாது. கூடவே சிறுநீரில் சர்க்கரை, எடை. கறுத்த மலம் வந்தால் வயிற்றில் ரத்தக்கசிவைச் சந்தேகிக்கலாம். தொற்று வந்தாலும் ஸ்டீராய்டு அதன் அடையாளங்களை மறைத்துவிடும். ஆகவே காய்ச்சல் சிறியதென்றாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் யாருக்காவது காசநோயோ, சின்னம்மையோ இருந்தால் தொடங்கும் முன்பே சொல்லுங்கள். ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போன்ற உயிருள்ள தடுப்பு மருந்துகளைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். எவ்வளவு நாள் என்பதை மருத்துவர் குறித்துத் தரட்டும். இன்னொன்று, இரண்டு வாரம் ஸ்டீராய்டு பெற்ற உடம்பு தன் சொந்த ஹார்மோன் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. விடாமல் வாந்தியெடுத்து மருந்தே உள்ளே தங்காவிட்டால், குழந்தை துவண்டு போனால், அது அவசரம். ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி தேவைப்படலாம். மருந்து முடிந்த பிறகும் சில மாதம் இந்த எச்சரிக்கை நீடிக்கும்.

விகாபட்ரின் நேர்மாறு. முதல் வாரத்தில் தூக்கமும் தளர்வும்தான் தெரியும். உண்மையான விலை பார்வையின் ஓரப்பகுதி இழப்பு. அது மீளாது. கைக்குழந்தை அதைச் சொல்லவும் முடியாது. மருந்து நீள நீள ஆபத்து கூடும், அதனால் பலர் ஆறு மாதத்தோடு நிறுத்தப் பார்க்கிறார்கள். அதிக அளவில் கொடுக்கும்போது எம்.ஆர்.ஐ.யில் மூளையின் ஆழத்திலுள்ள தாலமஸ், மூளைத்தண்டு போன்ற இடங்களில் மாற்றம் தெரியலாம். பெரும்பாலும் மருந்தைக் குறைத்தால் மறைகிறது. இதையும் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும்.

எந்த மருந்தாக இருந்தாலும் 14ஆம் நாள் கேள்வி ஒன்றுதான்: முழுவதும் நின்றதா? நாளைக்கு நாற்பது இருந்தது நான்காகக் குறைந்ததென்று வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி வரும். இந்த நோயில் அதை வெற்றியாகக் கணக்கெடுப்பதில்லை. தூக்கமும் சேர்ந்த இ.இ.ஜி. எடுத்து ஹிப்சாரித்மியாவும் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்கு நின்றுபோய் மின்னலையில் மிச்சமிருக்கும் குழந்தைகள் உண்டு. மிச்சமிருந்தால் காத்திருக்காமல் மற்ற மருந்துக்கு மாறுவதோ, சேர்ப்பதோ அன்றே முடிவாக வேண்டும். நம் குழந்தைக்கு நின்றுவிட்டதென்றால் அடுத்த 15 நாள் குறைப்பு. குறைக்கும்போதோ அதற்குப் பின்னரோ திரும்ப வருவதும் உண்டு. தூங்கி எழும் நேரங்களில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, சந்தேகம் வந்தால் படம் எடுத்து அன்றே மருத்துவருக்கு அனுப்புங்கள்.