தவணை தள்ளிவைத்த பிறகு வரும் புதிய நிலுவையை அப்படியே நம்பாதீர்கள்

டித்வா புயல் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் மறுபடியும் "ஆறு மாதம் கட்டத் தேவையில்லையாம்" என்ற பேச்சு அடிபடுகிறது. லீசிங், நகைக்கடன், வங்கிக்கடன் எல்லாவற்றுக்கும் கேட்கிறார்கள். கேட்பது சரிதான். வயல் போன வீட்டுக்கு வேறு வழியில்லை. ஆனால் சலுகைக் காலம் முடிந்த அன்று உங்கள் கையில் தருகிற புதிய கணக்கை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. 2019இல் எங்கள் தலையில் ஒரு லட்சத்துக்கு மேல் பிழையாக ஏற்றினார்கள்.

2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது கண்டாவளைப் பக்கம் பட்ட பாடு இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் காலபோகப் பயிர் முழுதும் தண்ணீருக்குள். உழவு இயந்திரத்துக்கு கிளிநொச்சியில் ஒரு லீசிங் கம்பனியில் தவணை கட்டிக்கொண்டிருந்தோம். கம்பனியின் பெயரை எழுதப் போவதில்லை. இதே பிழை எந்தக் கம்பனியிலும் வரலாம். நாங்கள் எழுதிக் கேட்டதும் தை முதல் ஆனி வரை ஆறு மாதம் தள்ளிவைத்துக் கடிதம் தந்தார்கள். அந்தக் காலத்துக்கு ஒப்பந்தத்தில் உள்ள அதே வட்டி, மாதாமாதம் முதலோடு சேர்க்கப்படும் என்று அதில் இருந்தது. அதில் எங்களுக்கு மறுப்பு இல்லை.

அன்றைய நிலைமை இதுதான். மீதி முதல் 600,000 ரூபாய். வட்டி வருடத்துக்கு 18 வீதம், அதாவது மாதம் ஒன்றரை வீதம். இன்னும் 24 தவணை, ஒவ்வொன்றும் 29,955 ரூபாய்.

ஆடி மாதம் புதிய அட்டவணை வந்தது. நிலுவை 779,730. தவணை 38,927. அதே 24 மாதம்.

வட்டி ஏறியிருக்கும், தவணையும் கூடும் என்பது தெரிந்ததுதான். ஆனால் ஒரே அடியாக ஒன்பதாயிரம் கூடுமா? கிளையில் போய்க் கேட்டபோது கவுண்டரில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, ஆறு மாதம் கட்டேல்லைத்தானே. அந்த ஆறு மாத வட்டிதான் ஏறியிருக்கு. சிஸ்டம் தானா எடுக்கிறது, நாங்கள் கைவைக்கேலாது" என்றார். வரிசையில் நின்ற மற்றவர்களும் அதே பதிலைத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்து பழைய அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தத் தாள் உங்களிடம் இல்லையென்றால் சலுகை கேட்கப் போகும் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தவணை, அதில் வட்டி எவ்வளவு, முதல் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று மாதாமாதம் போட்டிருக்கும் தாள். எங்கள் தாளில் தை மாத வரி இப்படி இருந்தது: தவணை 29,955, வட்டி 9,000, முதல் 20,955, மீதி 579,045.

இந்த ஒரு வரியிலேயே பாதி விஷயம் இருக்கிறது. 600,000க்கு ஒரு மாத வட்டி 9,000. அப்படியென்றால் ஒரு சதமும் கட்டாமல் ஆறு மாதம் இருந்தால் வட்டி எவ்வளவு வரும்? ஆறு ஒன்பதாயிரம், 54,000. மாதாமாதம் முதலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போட்டாலும் 56,066 ரூபாய்தான். ஆகவே ஆனி முடிவில் நிலுவை 656,066 ஆக இருக்க வேண்டும். அவர்கள் ஏற்றியதோ 179,730.

அந்த 179,730 எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். 29,955ஐ ஆறால் பெருக்கினால் சரியாக அதே தொகை. கட்டாத ஆறு தவணையையும் முழுசாகத் தூக்கி 600,000க்கு மேல் வைத்திருக்கிறார்கள். தவணைக்குள் வட்டியும் இருக்கிறது, முதலும் இருக்கிறது. தை மாதத் தவணையில் உள்ள 20,955 ரூபாய் முதல், அந்த 600,000க்குள் ஏற்கெனவே இருக்கிற காசு. நாங்கள் அதைக் கட்டவில்லை, அதனால் அது குறையவில்லை, அவ்வளவுதான். அதை இன்னொரு முறை மேலே கூட்டினால் ஒரே கடனை இரண்டு தரம் வாங்கினதாக ஆகிறது. ஆறு மாதத்துக்கும் இப்படியே. கூடுதலாக ஏறியது 123,664 ரூபாய். அந்தப் பிழைத்தொகைக்கும் சேர்த்து மாதம் ஒன்றரை வீதம் வட்டி ஓடும். 24 மாதமும் அப்படியே கட்டி முடித்திருந்தால் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் போயிருக்கும்.

கணக்கு ஓடாதவர்களுக்கு இதைவிட லேசான சோதனை ஒன்று உண்டு. மாத வட்டி வீதத்தைச் சலுகை மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். எங்களுக்கு ஒன்றரை தரம் ஆறு, ஒன்பது வீதம். மிச்சத் தவணைகளின் எண்ணிக்கை மாறாமல் இருந்தால் தவணையும் அந்த அளவுதான் கூடலாம், வட்டிக்கு வட்டி என்றால் அதைவிடச் சொற்பம் கூட. 29,955க்கு ஒன்பது வீதம் கூட்டினால் 32,651. வட்டிக்கு வட்டியோடு 32,753. எங்களுக்கு வந்த 38,927 முப்பது வீதம் கூட. இதைப் பார்க்கக் கைபேசியில் உள்ள கல்குலேட்டரே போதும்.

மாத வீதத்தை மட்டும் கவனமாக எடுங்கள். வாங்கும்போது வாயால் சொன்ன வீதத்தை வைத்துப் பார்க்காதீர்கள். லீசிங்காரர் பல தடவை தொடக்கத் தொகைக்கு மேல் தட்டையாகப் போட்ட வீதத்தைத்தான் சொல்வார்கள். மீதிக்கு மேல் ஓடும் உண்மையான வீதம் அதைவிட மிகக் கூட. அட்டவணையில் ஏதாவது ஒரு மாதத்து வட்டியை அதற்கு முந்தைய மீதியால் வகுத்தால் உண்மையான மாத வீதம் வந்துவிடும். எங்களுடையது 9,000ஐ 600,000ஆல் வகுத்தால் ஒன்றரை வீதம். சலுகைக் காலத்துக்கு வேறு வீதம் என்று உங்கள் கடிதத்தில் இருந்தால் அந்த மாதங்களுக்கு அதைத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, இதில்தான் நிறையப் பேர் தெரியாமலே மாட்டுகிறார்கள். சில இடங்களில் "தவணை கூடாது, காலம்தான் கொஞ்சம் நீளும்" என்பார்கள். கேட்க நிம்மதியாக இருக்கும். மாதம் கட்டும் காசு மாறாததால் பிழை கண்ணில் படவே படாது. எங்கள் தொகையையே அந்த வழியில் வைத்துப் பார்த்தேன். சரியான நிலுவைக்கு 29,955 படி கட்டினால் 27 மாதத்தில் முடியும், கடைசி மாதம் முழுத் தவணைகூட வராது. பிழையான நிலுவைக்கு 34 மாதம் இழுக்கும். அதனால் காலத்தை நீட்டுகிறார்கள் என்றால் எத்தனை மாதம் என்பதை விடுங்கள், முதலில் புதிய நிலுவை எவ்வளவு என்று கேளுங்கள். அந்த எண்ணைத் தராமல் மாதக்கணக்கு மட்டும் சொன்னால் கையெழுத்து வைக்காதீர்கள்.

திரும்பக் கிளைக்குப் போனபோது வட்டியைப் பற்றி வாதாடவில்லை. முகாமையாளரின் மேசையில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பழைய தாளில் தை மாதத்து 20,955ஐப் பேனாவால் வட்டமிட்டேன். "இந்தக் காசு இந்த ஆறு லட்சத்துக்குள்ள இருக்கா, வெளியில இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "உள்ளதான்" என்றார். "அப்ப ஏன் திரும்பக் கூட்டியிருக்கு?" அதற்குப் பதில் இல்லை. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிப் பார்க்கிறேன் என்றார்.

வாயால் சொன்னதோடு விடவில்லை. அன்றே கடிதம் எழுதி, மூன்று விஷயம் எழுத்தில் கேட்டோம்: சலுகை தொடங்கிய அன்று மீதி முதல் எவ்வளவு, அந்த ஆறு மாதத்தில் மாதாமாதம் ஏற்றிய வட்டி எவ்வளவு, அதற்கு என்ன வீதம். பிரதியில் கிளையின் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொண்டோம். மற்றப் பிரதியைத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத்தபாலில் போட்டோம். மாதாமாதம் பிரித்து எழுதச் சொன்னதுதான் வேலை செய்தது. மொத்தமாக ஒரு தொகையை எழுதி அனுப்பிவிடலாம், மாத வட்டி 9,000 என்று ஒரு வரி எழுதினாலே 179,730 வராது என்பது எழுதுகிறவருக்கே தெரிந்துவிடும்.

பதில் வரும்வரை தவணையை நிறுத்த வேண்டாம். இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கணக்குப் பிழை என்று கட்டாமல் விட்டால் அதற்குத் தாமத வட்டி வேறு, உழவுக்கு நிற்கும் நேரத்தில் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடவும் கூடும். நாங்கள் 38,927 படியே இரண்டு தவணை கட்டினோம், ஒவ்வொரு தடவையும் "கணக்கு முரண்பாட்டுக்கு உட்பட்டு" என்று ஒரு தாளில் எழுதி, அதன் பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கட்டினோம்.

திருத்திய அட்டவணை வந்தபோது நிலுவை 656,066, தவணை 32,753 என்று இருந்தது. மன்னிப்பு என்று ஒரு சொல்லும் இல்லை. கூடுதலாகக் கட்டிய 12,348 ரூபாயை "முற்பணம்" என்று தனியே போட்டிருந்தார்கள். அப்படிக் கிடந்தால் அந்தக் காசால் நிலுவை குறையாது, வட்டியும் குறையாது. அதையும் எழுதிக் கேட்டுத்தான் மீதி முதல் தொகையிலிருந்து கழிக்க வைத்தோம்.

எங்களோடு அதே கிளையில் சலுகை எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கணக்குத் திருத்தப்பட்டது என்று கேட்டதற்கு அவர்கள் பதில் சொல்லவில்லை. சிஸ்டம் தானாக எடுத்தது என்றால் எங்களுக்கு மட்டும் எடுத்திருக்காது. நாங்கள் தெரிந்த ஆட்களுக்கு வீடு வீடாகச் சொன்னோம். சிலர் அதற்குள் கட்டி முடித்திருந்தார்கள்.

நிறுவனம் எழுத்தில் பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் சரியில்லாவிட்டால், மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் தொடர்புத் திணைக்களத்துக்கு முறையிடலாம், 1935 என்ற இலக்கத்தில் பேசலாம். முதலில் நிறுவனத்துக்கு முறையிட்டீர்களா என்றுதான் கேட்பார்கள். அந்த முத்திரை குத்திய பிரதியும் பதிவுத்தபால் பற்றுச்சீட்டும் அங்கேதான் உதவும். கூடவே பழைய அட்டவணை, சலுகைக் கடிதம், புதிய அட்டவணை மூன்றையும் இணைத்து அனுப்புங்கள். புதிய அட்டவணை இன்னும் கைக்கு வராதவர்கள், முதல் தவணை கட்டப் போகும் முன் கிளையில் கேட்டு வாங்குங்கள்.