மைக்ரோ ஆம்பியர் காட்டும் பெட்டி என்று விற்கிறார்கள், வாங்கும் முன் இதைப் படியுங்கள்

வியாசர்பாடியில் சின்ன பட்டறை வைத்து, மொட்டை மாடி தண்ணீர் டேங்குக்கு பேட்டரியில் ஓடும் அளவுமானி செய்கிறோம். போர்டு தூங்கும்போது எவ்வளவு கரன்ட் இழுக்கிறது என்று பார்க்க, பெரம்பூர் பக்கம் ஒரு கடையில் 3,800 ரூபாய் கொடுத்து மீட்டர் பெட்டி ஒன்று வாங்கினேன். "0.1 மைக்ரோ ஆம்பியர் வரைக்கும் பார்க்கலாம் சார்" என்றார் கடைக்காரர். கடையிலேயே ஒரு எல்இடி பட்டையைப் போட்டுக் காட்டினார். திரையில் 499800.0 மைக்ரோ ஆம்பியர் என்று வந்தது. பக்கத்தில் இருந்த மல்டிமீட்டரும் அரை ஆம்பியர்தான் சொன்னது. வயரைக் கழற்றியதும் சரியாக 0.0. பில்லைப் போட்டுவிட்டார்.

பட்டறையில் எந்த போர்டை மாட்டினாலும் 0.0 மைக்ரோ ஆம்பியர். சாலிடரிங் பார்க்கும் தங்கைக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. "அண்ணா, இந்தப் போர்டில் பேட்டரி வோல்டேஜ் பார்க்க 10 கே, 10 கே ரெண்டு ரெசிஸ்டர் எப்பவும் லைன்ல இருக்கு. அதுக்கே 180 வரணுமே?" என்றாள். 3.6 வோல்ட்டை 20 கிலோ ஓமால் வகுத்தால் அவள் சொன்ன கணக்குதான். பெட்டியோ சுழியம் என்கிறது.

பெட்டியைத் திறந்தோம். உள்ளே எங்கும் கிடைக்கிற, கரன்ட் அளக்கும் ஐஎன்ஏ219 மாட்யூல். கரன்ட் ஓடும்போது விழும் வோல்டேஜை வைத்து அளக்கப் பாதையில் போடும் ஷன்ட் ரெசிஸ்டர் மேல் ஆர்100 என்று எழுதியிருந்தது, அதாவது 0.1 ஓம். இந்த ஷன்டில் 180 மைக்ரோ ஆம்பியர் ஓடினால் விழும் வோல்டேஜ் வெறும் 18 மைக்ரோ வோல்ட். அந்த சிப் ஷன்ட் வோல்டேஜை 10 மைக்ரோ வோல்ட் படியில்தான் எண்ணும். 0.1 ஓமில் ஒரு படி என்றால் 100 மைக்ரோ ஆம்பியர். அதற்குக் கீழே எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது. புள்ளிக்குப் பின்னால் உள்ள அந்த ஒற்றை இலக்கம், நிரல் எழுதியவர் போட்ட அலங்காரம்.

சரி, 180க்கு 100 அல்லது 200 என்றாவது வரவேண்டுமே, ஏன் சுழியம்? அங்கேதான் ஆஃப்செட். ஆம்ப்ளிஃபையரின் இரண்டு உள்ளீட்டையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அது சுத்தமான சுழியம் தராது, சில மைக்ரோ வோல்ட் மேலோ கீழோ நிற்கும். இந்த சிப்பின் சாதாரண ரகத்துக்கு, மிகச் சின்ன ரேஞ்சிலேயே 100 மைக்ரோ வோல்ட் வரை இருக்கலாம் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. 0.1 ஓமில் அது ஒரு மில்லி ஆம்பியர்! மாட்யூலை மட்டும் எங்கள் ஆர்டுயினோவில் மாட்டி, எதுவும் இணைக்காமல் ஷன்ட் ரெஜிஸ்டரைப் படித்தபோது வந்த எண் -2. அதாவது மைனஸ் 200 மைக்ரோ ஆம்பியர். பெட்டியின் நிரலில் இப்படி ஒரு வரி இருந்தால்தான் அது 0.0 ஆகும்:

```
if (ua < 0) ua = 0;
```

பிழையைச் சரிசெய்யாமல் மறைத்திருக்கிறார்கள். கடையில் பார்த்த அந்த அழகான சுழியம் இதுதான். அரை ஆம்பியரில் 200 மைக்ரோ ஆம்பியர் குறைந்தால் யாருக்குத் தெரியும்?

அப்புறம் 3.3 வோல்ட் சப்ளையில் தெரிந்த ரெசிஸ்டர்களைப் போட்டுப் பார்த்தோம். 33 கே-யில் 100 வரவேண்டும், 0.0 வந்தது. 10 கே-யில் 330க்கு 100.0. 3.3 கே-யில் 1000க்கு 800.0. எண்கள் நூறு நூறாகவே தாவின, நடுவில் எதுவும் இல்லை.

திருப்பிக் கொண்டுபோனதற்கு, "ஆஃப்செட்டை கழிச்சுக்கோங்க சார், ரீசெட் பட்டன் போட்டுத் தரேன்" என்றார். கழித்தால் அந்த மைனஸ் 200 போகும், வெயில் ஏறினால் அதுவும் கொஞ்சம் நகரும். 100 மைக்ரோ ஆம்பியர் படி மட்டும் எங்கேயும் போகாது. அந்த ரெண்டு 10 கே ரெசிஸ்டரையும் எடுத்துவிட்டால் எங்கள் போர்டு 12 மைக்ரோ ஆம்பியரில் தூங்கவேண்டும். ஷன்டில் அது 1.2 மைக்ரோ வோல்ட், ஒரு படிக்கே எட்டாது. பணம் தரமாட்டேன் என்றுவிட்டார்.

ஷன்டைப் பெரிதாக்கலாம். 10 ஓம் போட்டால் படி 1 மைக்ரோ ஆம்பியர், இதே ஆஃப்செட் 2 மைக்ரோ ஆம்பியர்தான். ஆனால் ரேடியோ அனுப்பும்போது 120 மில்லி ஆம்பியர் இழுத்தால் 10 ஓமில் 1.2 வோல்ட் விழுந்து போர்டு ரீசெட் ஆகிவிடும். அதனால் கரன்ட் ஷன்டைத் தாண்டிப் போகும்படி அதன் இரு முனையையும் இணைத்து ஒரு ஜம்பர் வைத்து, போர்டு தூங்கிய பிறகு மட்டும் எடுக்கவேண்டும். நாங்கள் இப்போது அதைவிட எளிதாக, 100 ஓம் ரெசிஸ்டரும் மல்டிமீட்டரின் 200 மில்லி வோல்ட் ரேஞ்சும் வைத்துப் பார்க்கிறோம். 0.1 மில்லி வோல்ட் என்றால் 1 மைக்ரோ ஆம்பியர். ஜம்பர் இதற்கும் வேண்டும்.

மைக்ரோ ஆம்பியர் பெட்டி வாங்கப் போகிறவர்கள் ஒரு 33 கே ரெசிஸ்டரையும் 3.3 வோல்ட் சப்ளையையும் கையோடு எடுத்துப் போய் கவுன்டரிலேயே மாட்டச் சொல்லுங்கள். 100க்குப் பக்கத்தில் வரவில்லை என்றால் வாங்காதீர்கள். வந்தாலும் 47 கே, 68 கே மாற்றிப் போட்டு, எண் 70, 49 என்று மெல்ல இறங்குகிறதா என்று பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.