மார்கரெட்டைப் பையனாக்கினால் வீடு யாருக்கு?

காரைக்குடியில் ஒரு கல்லூரி ஆண்டுவிழாவுக்கு ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யைத் தமிழ் நாடகமாகப் போடலாம் என்று பேச்சு எழுந்தது. இருபத்தைந்து வருஷம் அந்த நாவலைப் பாடம் நடத்தியவள் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். முதல் நாளே மூன்று கட்சி. ‘ஊரையும் சனத்தையும் மாத்தி செட்டிநாட்டுக் கதையாக்குவோம்’ என்றது ஒன்று. ‘வயசை ஏத்துங்க மேடம், பத்தொன்பது வயசுப் பொண்ணு கல்யாணம் ஆகலையேன்னு அழுதா யாரு நம்புவா?’ என்றது இன்னொன்று. நடிக்கப் பையன்கள் நிறையப் பேர் இருந்ததால், ‘மூணு தங்கச்சியில ஒண்ணைத் தம்பியாக்கிடுங்க’ என்றது மூன்றாவது.

ஊரை மாற்றுவதில்தான் சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை, காரணம் அதை ஏற்கெனவே ஒருவர் செய்துகாட்டியிருந்தார். 2000-இல் வந்த ராஜீவ் மேனனின் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ இதே நாவல்தான். நாவலின் அக்கா எலினரும் தங்கை மரியானும் சௌம்யாவும் மீனாட்சியுமாகி நம்ம பக்கத்துப் பெரிய வீடு ஒன்றில் வாழ்ந்தார்கள். ஆங்கிலேயப் பெண்களைத் தமிழ்ப் பெண்களாக்கியதற்காக அந்தப் படத்தின் மேல் கோபப்பட்ட ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. கோபம் எங்கே வந்தது தெரியுமா? மரியானை விரும்பும் கர்னல் பிராண்டனுக்கு எங்கள் நாடகத்தில் இரண்டு காலும் இருக்கும் என்று நான் சொன்னபோது. ‘படத்துல அந்த வேஷம் போட்ட மம்மூட்டிக்கு ஒரு கால் கிடையாதே மேடம், அதை எப்படி மாத்துவீங்க?’ நாவலில் பிராண்டனுக்குக் கால் போகவே இல்லை. அவர் மேல் மரியான் வைக்கும் குற்றமெல்லாம் வயது முப்பத்தைந்து, மூட்டுவலி, ஃபிளானல் துணியில் உள்சட்டை, அவ்வளவுதான். காலை எடுத்தது படம். இலங்கைக்குப் போன அமைதிப்படையில் இழந்ததாகக் கதை பண்ணினார்கள். இருபது வருஷத்தில் அந்த மாற்றமே மூலமாகிவிட்டது.

ரசிகர் மனசு இப்படித்தான். ‘ஹங்கர் கேம்ஸ்’ நாவலில் ரூ என்ற சிறுமிக்குக் கரும்பழுப்புத் தோல் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. 2012-இல் படம் வந்தபோது அந்த வேடத்தில் கறுப்பினச் சிறுமி நடித்ததைப் பார்த்துப் புத்தகத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று ட்விட்டரில் பொருமியவர்கள் உண்டு. அவர்கள் காத்துக்கொண்டது புத்தகத்தை அல்ல, படித்தபோது தங்கள் தலைக்குள் பார்த்த முகத்தை.

இனத்தை மாற்றுவதிலும் இரண்டு விதம் இருக்கிறது. 2024-இல் அமெரிக்காவில் ஹால்மார்க் சேனல் இதே நாவலை எடுத்தது. காலமும் ஊரும் பழைய இங்கிலாந்துதான், எலினரின் டாஷ்வுட் குடும்பமாக நடித்தவர்கள் மட்டும் கறுப்பினத்தவர்கள். இது நடிகரை மாற்றுவது. நாங்கள் செய்ய வந்தது உலகத்தையே மாற்றுவது. முதலாவதில் பார்ப்பவர் கண் பழகினால் போதும். இரண்டாவதில் உறவுமுறை தொடங்கி எல்லாம் அசையும்.

எப்படி அசைந்தது என்றால்: நாவலில் எலினர் விரும்பும் எட்வர்ட், அவள் அண்ணன் மனைவியின் தம்பி. இங்கிலாந்தில் அது வெறும் பழக்கம். எங்கள் ஊரில் அண்ணமிண்டியின் தம்பி என்றால் முறை மாப்பிள்ளை! ஆச்சிமார்களே முன்னின்று முடித்துவைப்பார்கள். அப்புறம் மூன்று மணிநேரம் எதற்கு நாடகம்? சீர்வரிசைக்கு வழியில்லாத வீட்டில் தம்பியைக் கொடுக்க மாட்டேன் என்று அண்ணமிண்டி நிற்பதாகப் பணத்தின் மேலேயே முழுப் பாரத்தையும் ஏற்றினோம். அது நாவலுக்கு விரோதமில்லை, அங்கேயும் பணம்தான் பேசுகிறது. இன்னொன்று தானாகவே கைக்கு வந்தது. பிராண்டன் இந்தியாவில் வேலை பார்த்துத் திரும்பியவர். நவாப், பொன் மொகரா, பல்லக்கு என்று, மரியான் மயங்கும் இளைஞன் வில்லபி அவரைக் கிண்டலடிப்பான். இதை மாற்ற வேண்டியதே இல்லை. பர்மாவில் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்யப் போய், செட்டியார்களின் தொழிலிடமான கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகக் கீழ்மட்டத்தில் சேர்ந்து மேலாளாகித் திரும்பியவர் என்றோம். ரங்கூன் கதையாகவே பேசுகிற, முகத்தில் சிரிப்பில்லாத அந்த மனிதரை இங்கே ஒவ்வொரு வீட்டுப் படத்திலும் பார்க்கலாம்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அதைக் கேட்டவர்கள் சும்மா கேட்டார்கள். மூன்றாவது பெண் மார்கரெட்டுக்குப் பதின்மூன்று வயது, நாவலில் அவளுக்கு வேலையே கிடையாது; ஒரு ரகசியத்தை உளறுவாள், குன்றில் ஓடுவாள். அவளை எடுத்துவிட்டாலும் யாருக்கும் தெரியாது, பையனாக்கினால் என்ன குறைந்துவிடும் என்றார்கள். எனக்கும் முதலில் சரியாகத்தான் பட்டது. வீட்டுக்குப் போய்ப் பேப்பரில் குடும்ப மரம் போட்டுப் பார்த்தபோது கதை கையோடு வந்துவிட்டது.

அப்பா இறக்கிறார். மூத்த தாரத்து மகன் ஜான் வீட்டை எடுத்துக்கொள்கிறான். இளைய தாரமும் மூன்று பெண்களும் வெளியேறுகிறார்கள். இதுதான் கதையின் சாவி. 1936-இல் கானாடுகாத்தானில் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய இந்து சட்டப்படி மகன்கள் பங்காளிகள், விதவைக்குச் சீவனாம்சம், பெண்களுக்குச் சாப்பாடும் கல்யாணச் செலவும். அதில் மார்கரெட் பையன் என்றால் அவன் இளையதாரத்துப் பிள்ளை, ஜானோடு சரிபாதிப் பங்காளி. வளவில் பாதி அறைகள் அவனுடையவை, பெட்டகத்தில் பாதி அவனுடையது. பதின்மூன்று வயது மைனர் என்பதால் அம்மாவே அவன் பங்கைப் பார்த்துக்கொண்டு அந்த முகப்பிலேயே உட்கார்ந்துவிடுவாள். யாரும் எங்கும் போக வேண்டாம். எலினரும் மரியானும் சீரோடு கட்டிக்கொடுக்கப்படுவார்கள், சுபம்.

நாவலில்கூட இது லேசில்லை. அங்கே நார்லாண்ட் எஸ்டேட் பெண்களுக்குப் போகாததற்கு நேரடிக் காரணம் கிழவர் ஒருவரின் உயில். ஜானின் நாலு வயது மகன் மழலை பேசிச் சேட்டை பண்ணியதில் மயங்கிச் சொத்தை அந்தப் பக்கம் கட்டிவைத்துவிட்டார். இளைய வீட்டிலும் ஒரு பேரப்பையன் இருந்திருந்தால் அப்படிச் செய்திருப்பாரா என்ற கேள்வி வந்துவிடும். மேடையில் நாலு வசனம்கூடப் பேசாத பாத்திரத்தின் பாலினத்தில்தான் கதையின் அஸ்திவாரம் இருந்தது. எலினரை ஆணாக்கினால் ரசிகர் கத்துவார்கள். மார்கரெட்டை ஆணாக்கினால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள், நாடகம் மட்டும் நடக்காது.

நடுவில் ஒரு தமாஷ். நாங்கள் முதலில் வைத்த வருஷம் 1943. பர்மா விழுந்த மறுவருஷம், சோகம் கூடும் என்று ஆசை. ஒரு மாணவியின் அப்பா வக்கீல். படித்துப் பார்த்துவிட்டு, ‘1937-லேயே விதவைக்கு மகனுக்குச் சமமான பங்கு, ஆயுள் வரைக்கும் அனுபவிக்கலாம்னு சட்டம் வந்தாச்சே, இந்த அம்மா ஏன் பெட்டியைக் கட்டுது?’ என்றார். விவசாய நிலத்துக்கு அப்போது அது செல்லாது, வீட்டுக்குச் செல்லும். ஏழு வருஷம் பின்னால் தள்ளி 1936 என்று வைத்தோம்.

வயதைப் பற்றி யாரும் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. எனக்கு என்னவோ மூன்றில் அதிகம் வெட்டுவது அதுதான் என்று தோன்றுகிறது. ஆங் லீ 1995-இல் எடுத்த படத்தில் எலினராக எம்மா தாம்சன் நடித்தார், திரைக்கதையும் அவருடையதே. அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. நாவலில் எலினருக்குப் பத்தொன்பது. படத்துக்காக இருபத்தேழு என்று ஏற்றினார்கள். அருமையான படம், நானே பல தடவை போட்டுக் காட்டியிருக்கிறேன். ஆனால் அது வேறு எலினர். பத்தொன்பதில் ஒரு பெண் அம்மாவையும் தங்கைகளையும் கணக்குவழக்கையும் தாங்கிக்கொண்டு தன் துக்கத்தை வெளியே காட்டாமல் இருந்தால், இத்தனை சின்ன வயதில் இத்தனை அடக்கமா என்று திகைப்போம். இருபத்தேழில் அதே மௌனம், இனி யாரும் வரமாட்டார்கள் என்று சமாதானமாகிப்போன மௌனமாகத் தெரிகிறது. கடைசியில் எட்வர்ட் வந்து நிற்கும்போது அவள் உடைந்து அழுவது அதனால்தான் அவ்வளவு பாதிக்கிறது. படம் சம்பாதித்தது அது, இழந்தது முதலாவதை. ரசிகர்கள் இதற்காகக் கொடி பிடித்ததாக நான் கேட்டதில்லை. முகம் மாறினால் முதல் ஷாட்டிலேயே தெரிந்துவிடும். வயது மாறினால் கதை முடிந்த பிறகுதான் தெரியும், தெரியாமலும் போகலாம்.

எங்களுக்குச் சிக்கல் தலைகீழ். 1936 செட்டிநாட்டில் பத்தொன்பது வயதுப் பெண் வீட்டில் இருந்தால் ஊரே பேசும். எண்ணை அப்படியே வைத்தால் எலினர் தானாகவே ‘கல்யாணம் தட்டிப்போன பெண்’ ஆகிவிடுகிறாள், எம்மா தாம்சன் எட்டு வயது கூட்டிச் செய்ததை நாங்கள் எண்ணைத் தொடாமலேயே செய்துவிட்டோம். அர்த்தத்தைக் காப்பாற்ற எண்ணைக் குறைத்தால் பதினாலு, பதினைந்து. அதை ஒரு கல்லூரி மேடையில் காதல் கதையாக எப்படிப் போடுவது? முடியாது, எனக்கும் மனசு வராது. ஆகவே பத்தொன்பதையே வைத்துக்கொண்டு ஏன் தாமதம் என்பதற்கு ஒரு வசனம் சேர்த்தோம்: அப்பா, எங்கள் பக்கத்துப் பேச்சில் அப்பச்சி, ரங்கூனிலிருந்து மூன்று வருஷக் கணக்கு முடித்து வந்ததும் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள், அவர் வந்தது நோயோடு.

மரியானுக்கு நாவலில் பதினாறு தாண்டிப் பதினேழு. எங்களிடம் பதினெட்டு. பிராண்டனுக்கு அதே முப்பத்தைந்து, ஃபிளானல் சட்டைக்குப் பதிலாக மார்கழிக் குளிருக்குக் கழுத்தில் சுற்றிய மப்ளர். ‘முப்பத்தஞ்சு வயசு, மப்ளர் வேற, இவருக்குக் கல்யாணம் எதுக்கு, கஷாயம் வச்சுக் குடுக்க ஆள் வேணுமா?’ என்று மரியான் சொல்லும் இடத்தில் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தோம்.

ஒத்திகையை ஆத்தங்குடிக் கல் பாவிய ஒரு பழைய வீட்டின் வளவில் வைத்தோம். வீட்டு ஆச்சிக்கு எண்பத்தெட்டு வயது, தூணோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வசனம் வந்தது. மாணவர்கள் சிரித்தார்கள். ஆச்சி சிரிக்கவில்லை.

‘முப்பத்தஞ்சு ஒரு வயசா? எங்க ஆத்தாளைக் கட்டும்போது அப்பச்சிக்கு நாப்பது. அந்தப் பிள்ளை எதுக்கு மாட்டேங்குது?’ என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பிறகு கொஞ்சம் யோசித்து, ‘கால்ல கீல்ல ஏதாச்சும் கோளாறா?’