மின்மாற்றிக் கம்பத்தில் இரண்டு எர்த்: எது கெட்டால் என்ன ஆகும்?

கம்பத்தில் ஏற்றிய 11 கிலோவோல்ட் மின்மாற்றியிலிருந்து எர்த் கம்பிகள் தனித்தனிக் குழிகளுக்கு இறங்குகின்றன. பாடி எர்த் மின்மாற்றியின் தொட்டியோடும் இரும்புச் சட்டங்களோடும் சேரும். நியூட்ரல் எர்த் தாழ்வழுத்தப் பக்கத்தின் நியூட்ரல் முனையோடு சேரும்.

பாடி எர்த் வேலை செய்வது பழுது வந்தால்தான். உயரழுத்தக் கம்பியைத் தொட்டியிலிருந்து பிரிக்கும் காப்பானான புஷிங் விரிசல்விட்டுத் தொட்டியில் மின்சாரம் ஏறினால், அது மண் வழியே துணைமின்நிலையத்துக்குத் திரும்பி, மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்யும் ரிலேயை இயக்க வேண்டும். போல்ட் துருப்பிடித்து எர்த் தடை 60 ஓமாக உயர்ந்திருந்தால், கட்டத்துக்குரிய 6350 வோல்ட்டில் பெரும்பகுதி அந்த எர்த்திலேயே விழும். தொட்டியும் சட்டமும் அந்த அழுத்தத்தில் நிற்கும், தொட்டவர் பிழைப்பது அரிது. பாடி எர்த் கம்பியை நியூட்ரலோடு முறுக்கிவிட்டால் அதே அழுத்தம் வீடுகளுக்குள்ளும் நுழையும். குழிகளைப் பிரித்து வைப்பது இதற்காகவே.

நியூட்ரல் எர்த் கெடுவது இன்னும் வஞ்சகமானது, ஏனெனில் விளக்குகள் வழக்கம்போல் எரியும். நியூட்ரல் கம்பி அறுந்தால்தான் வீட்டு மின்னழுத்தம் தாறுமாறாகும். எர்த் மட்டும் கெட்டிருக்கும்போது 240 வோல்ட் கட்டக் கம்பி ஈர மண்ணில் அறுந்து விழுவதாகக் கொள்வோம். விழுந்த கம்பியின் மண்தொடுப்புத் தடை 10 ஓம், நியூட்ரல் எர்த்தின் தடை 40 ஓம் என்றால் பாய்வது 4.8 ஆம்பியர்தான், ஃபியூஸ் போகாது, நியூட்ரல் மண்ணைவிட 192 வோல்ட் உயரும். எர்த் 2 ஓமாக இருந்தால் நியூட்ரல் 40 வோல்ட்டில் நிற்கும். அப்போதும் 20 ஆம்பியருக்கு மின்மாற்றியின் ஃபியூஸ் உருகாது. விழுந்த கம்பியை எவரும் நெருங்கக் கூடாது.

சோதிக்க எர்த் டெஸ்டர் வேண்டும், இணைப்பைக் கண்ணால் பார்த்து நம்பக் கூடாது. பாடி எர்த் கம்பியில் கிளாம்ப் மீட்டர் தொடர்ந்து மின்னோட்டம் காட்டினால் எங்கோ கசிவு இருக்கிறது.