வீட்டுத் தரகரிடம் போனை இரண்டு நிமிடம் கொடுத்தேன், மூன்று வாரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்

திருச்சியில் வாடகை வீடு தேடுகிறவர்கள், அதிலும் தனியாக அலைகிற பெண்கள், இதை முழுவதும் படியுங்கள். எனக்கு நடந்தது மூன்று வாரம் முன்பு தொடங்கியது. போன சனிக்கிழமைதான் முடிந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

எனக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. அம்மாவுக்கு ஸ்ரீரங்கத்தில்தான் வீடு வேண்டும். தெரிந்தவர் மூலமாக ஒரு தரகர் கிடைத்தார். பதிவுக் கட்டணம் என்று 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். முதல் நாள் வீடு பார்க்கக் கிளம்பியபோது நான் எங்கே நிற்கிறேன் என்று அவருக்குப் பிடிபடவில்லை. எப்படியோ தேடி வந்து சேர்ந்தவர், "ஒவ்வொரு தடவையும் இப்படித் தேட முடியாது மேடம், போனைக் கொடுங்கள், லொகேஷன் போட்டுத் தருகிறேன்" என்றார். கொடுத்தேன். எதையோ தட்டினார், தன் மின்னஞ்சல் முகவரியை அடித்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். திரையை நான் பார்க்கவே இல்லை. அம்மாவுக்குப் படி ஏறக் கை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் காட்டிய நான்கு வீடுகளும் ஒன்றுக்கொன்று மோசம். அதற்குள் அலுவலகத்தில் ஒரு அக்கா, தனக்குத் தெரிந்த ஒரு மாமியின் வீடு காலியாகிறது என்று சொன்னார். சித்திரை வீதிப் பக்கம், திண்ணை வைத்த பழைய வீடு. வியாழக்கிழமை சாயங்காலம் நானாகப் போனேன். மாமி காப்பி கொடுத்தார், வாடகை பேசினோம், ஐந்தே கால் மணிக்கு எழுந்து வந்துவிட்டேன். அம்மாவிடம் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை தரகர் பேசினார். "நேற்று நாலே முக்காலுக்கு அந்தப் பச்சைக் கதவு வீட்டுக்குப் போய் ஆறு மணி வரை இருந்தீர்களே, அது என் கையில் இருக்கிற வீடு. முடிந்தால் ஒரு மாத வாடகை எனக்குத் தர வேண்டும்" என்றார். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. ஆள் வைத்துப் பின்தொடர்ந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அன்றைக்கு அலுவலகம் போகும்போது பத்து முறையாவது திரும்பிப் பார்த்திருப்பேன்.

பிறகுதான் ஒன்று உறைத்தது. நான் போனது பச்சைக் கதவு வீடு அல்ல. அது இரண்டு வீடு தள்ளி இருக்கிறது. எழுந்து வந்ததும் ஆறு மணிக்கு அல்ல, ஐந்தே காலுக்கு. ஆள் பின்னால் வந்திருந்தால் கதவு தவறியிருக்காது, முக்கால் மணி நேரமும் தவறியிருக்காது. இப்படித் தவறுவது வரைபடத்தில் பார்க்கிறவருக்குத்தான்.

சனிக்கிழமை தம்பி வந்ததும் போனைக் கொடுத்தேன். கூகுள் மேப்ஸைத் திறந்து, மேலே வலது மூலையில் இருக்கும் என் படத்தைத் தொட்டு, Location sharing என்ற வரியைத் தட்டினான். அந்தத் திரையில் தரகரின் படம் இருந்தது. அதைத் தொட்டதும் Until you turn this off என்று வந்தது. "நீ நிறுத்தும்வரை என்று அர்த்தம் அக்கா" என்றான் தம்பி. இடம் பகிரும்போது அந்தத் திரை இரண்டு வழி காட்டும். ஒன்று, ஒரு மணி நேரம் என்று தொடங்கி நாமே கூட்டிக் குறைத்துக்கொள்கிற கால அளவு. மற்றது இது, முடிவே இல்லாதது. அன்று எனக்குத் தேவைப்பட்டது அதிகம் போனால் ஒரு மணி நேரம். அவர் போட்டது இரண்டாவது.

"என் மேப்பில் அவர் எங்கேயும் தெரியவில்லையே, அவருக்கு மட்டும் நான் எப்படித் தெரிவேன்?" என்று தம்பியிடம் கேட்டேன். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பகிர்வு ஒரு வழிப் பாதை. நான் என் இடத்தை அவருக்குக் காட்டினால், அவர் இடம் எனக்குத் தெரிந்துவிடாது. அவர் தனியாகப் பகிர்ந்தால்தான் தெரியும். ஆகவே நம் வரைபடத்தில் ஒருவருடைய படம் மிதக்கவில்லை என்பதை வைத்து, அவர் நம்மைப் பார்க்கவில்லை என்று முடிவு கட்டவே கூடாது. பட்டியலில் ஒவ்வொரு பெயராகத் தொட்டு, நாம் அவருக்குக் காட்டுகிறோமா, எதுவரை என்று படித்தால்தான் உண்மை தெரியும். என் பட்டியலில் தம்பியின் பெயரும் முடிவில்லாமல்தான் இருந்தது. எனக்கு உடம்பு சரியில்லாதபோது நானே கேட்டுப் போட்டுக்கொண்டது அது. அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

பட்டியலில் பெயரே இல்லாமல் வருகிற பகிர்வும் உண்டு. இணைப்பாக அனுப்பினால், அந்த இணைப்பு யார் கையில் இருக்கிறதோ அவர்களெல்லாம் காலக்கெடு முடியும்வரை பார்க்கலாம். நாம் ஒருவருக்கு அனுப்பியதை அவர் பத்துப் பேருக்குத் தள்ளிவிட்டாலும் நமக்குத் தெரியாது. தரகருக்கோ ஓட்டுநருக்கோ அப்படி எதையும் அனுப்பாதீர்கள்.

இடத்தோடு போவது புள்ளி மட்டும் அல்ல. என் போனில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, சார்ஜரில் மாட்டியிருக்கிறதா என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரவு போன் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் சார்ஜ் ஏறினால், அதுதான் நான் தூங்கும் வீடு என்று யாருக்கும் புரியும். முன்பின் தெரியாத ஒரு மனிதர் மூன்று வாரம் இதைப் பார்த்திருக்கிறார் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

கதவு ஏன் தவறியது என்பதைத் தம்பி அங்கேயே காட்டினான். நாங்கள் தங்கியிருக்கும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடி வரைபடத்தைத் திறந்தோம். நீலப் புள்ளி பக்கத்து வீட்டுக்குள் நின்றது. அதைச் சுற்றி வெளிர்நீலத்தில் ஒரு பெரிய வட்டம். மொட்டை மாடிக்குப் போய்ச் சிறிது நேரம் நின்றதும் வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து, புள்ளி எங்கள் மாடிக்கே நகர்ந்தது. திறந்த வெளியில் போனின் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியமாகச் சொல்லும். தடித்த சுவரும் கூரையும் மறைத்தால் செயற்கைக்கோள் சமிக்ஞை மங்கிவிடும். அப்போது போன் அக்கம்பக்கத்து வைஃபையையும் செல்பேசிக் கோபுரத்தையும் வைத்து மதிப்பிடுகிறது. அப்போது வட்டம் பெரிதாகிறது.

அந்த வட்டத்தைப் பலர் எல்லைக்கோடு என்று எடுத்துக்கொள்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆண்ட்ராய்டு போன் தன் துல்லியத்தைக் கணக்கிடும் முறைப்படி, நாம் அந்த வட்டத்துக்குள் இருப்பதற்கான வாய்ப்பு 68 சதவீதம்தான். ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை நாம் அதற்கும் வெளியே இருக்கலாம். இப்போது ஸ்ரீரங்கத்து வீதியை நினைத்துப் பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஒரு வீட்டின் முகப்பு 15 அடி என்று வைத்துக்கொள்வோம். வட்டத்தின் ஆரம் 20 மீட்டர் என்றால், குறுக்களவு 40 மீட்டர், அதாவது 130 அடி. வீதியின் ஒரு பக்கத்திலேயே எட்டு வீடுகள் அதற்குள் அடங்கிவிடும். தரகர் அந்த எட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதுதான் நான் போன வீடு என்று சாதித்தார்.

நேரம் தவறியதற்கும் காரணம் உண்டு. போன் பைக்குள் கிடக்கும்போது இடம் நொடிக்கு நொடி போய்க்கொண்டிருப்பதில்லை. பார்ப்பவர் திரையில் பெயருக்குக் கீழே, அது எத்தனை நிமிடத்துக்கு முந்தைய இடம் என்று ஒரு சிறிய வரி இருக்கும். அந்த வரியைப் படிக்காதவருக்குப் பழைய புள்ளிகூட நான் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும். தரகர் மாத்திரம் அல்ல, பிள்ளை பள்ளியிலிருந்து வருகிறதா என்று பார்க்கும் பெற்றோரும் இந்த வரியை விட்டுவிட்டுப் பதறுகிறார்கள்.

நஷ்டம் என்னவென்றால், வீடு போய்விட்டது. வெள்ளிக்கிழமையே தரகர் பச்சைக் கதவு வீட்டுக்குப் போய்க் கமிஷன் பேசியிருக்கிறார். அவர்கள் வீடு வாடகைக்கே இல்லை. வாசலில் சத்தம் போட்டு, விசாரித்து, கடைசியில் மாமி வீட்டுக்கும் போய் நின்றிருக்கிறார். "உன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை அம்மா, ஆனால் இந்த ஆள் தொல்லை எனக்கு வேண்டாம்" என்று மாமி சொல்லிவிட்டார். வயதானவர், தனியாக இருப்பவர். அவரை நான் எப்படிக் குறை சொல்வேன்? பதிவுக் கட்டணமும் திரும்பவில்லை.

அந்தத் திரையைப் பார்த்ததும் நான் பதற்றத்தில் Stop அழுத்திவிட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முதலில் அவர் பெயரும் கால அளவும் தெரியும்படி திரையைப் படம் எடுத்து வையுங்கள். நிறுத்திய பிறகு அந்த வரி போய்விடுகிறது, புகார் கொடுக்கக் கையில் ஒன்றும் இருக்காது. மின்னஞ்சலிலும் தேடுங்கள். இடம் பகிர்ந்துகொண்டிருப்பதை நினைவூட்டிக் கூகுள் அவ்வப்போது கடிதம் அனுப்பும். எனக்கு வந்திருந்ததை விளம்பரம் என்று திறக்காமலே விட்டிருக்கிறேன். இப்போது என்னிடம் இருக்கிற ஒரே சான்று அது.

இனி யாராவது வழி தெரியவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் Send your current location என்பதை மட்டும் அனுப்புகிறேன். அது நின்ற இடத்தை ஒரு முறை சொல்வதோடு சரி, நம்மோடு நகராது. அதன் கீழேயே எத்தனை மீட்டர் துல்லியம் என்றும் போட்டிருக்கும். பக்கத்திலேயே இருக்கும் Live location வேறு. அது 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்றில் ஒன்றைக் கேட்கும். குழுவில் போட்டால் குழுவில் உள்ள எல்லோரும் பார்ப்பார்கள். எந்த உரையாடலில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை அமைப்புகளில் Privacy பகுதிக்குள் போய்ப் பார்க்கலாம். எதுவானாலும் போன் என் கையிலேயே இருக்கும்.

சனிக்கிழமை பதினொரு மணிவாக்கில் நிறுத்தினேன். பகல் ஒரு மணிக்குத் தரகர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மேடம், உங்கள் லொகேஷன் வரவில்லையே, போனில் ஏதாவது பழுதா?"