எல்லாவற்றையும் கி.பி. ஆக்குவதா, கல்லில் உள்ளபடி எழுதுவதா?

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தை எடுத்து ஒப்படைப்போ ஆய்வேடோ எழுதும் வரலாற்று மாணவருக்குத் தேதிகள் நாலு திசையிலிருந்து வரும். கல்வெட்டில் சக ஆண்டும் பிரபவ, விபவ என்ற அறுபது ஆண்டுப் பெயரும் இருக்கும். திப்பு காலத்து நாணயத்தில் வேறொரு கணக்கு, தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் பசலி. இவற்றை ஒரே கட்டுரையில் எப்படி எழுதுவது என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று, எல்லாவற்றையும் கி.பி. ஆக்கிவிடுவது. இன்னொன்று, மூலத்தில் உள்ளதை அப்படியே எழுதி, பக்கத்தில் மாற்றிய ஆண்டைத் தருவது.

அதற்கு முன் கி.பி.யா பொ.ஆ.வா என்ற சண்டையை முடித்துவிடலாம். எண் இரண்டிலும் ஒன்றுதான். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலத்தைக் கி.மு. 2172 என்று எழுதினாலும் பொ.ஆ.மு. 2172 என்று எழுதினாலும் பொருள் மாறாது. துறையில் எது வழக்கமோ அதைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பக்கம்வரை மாற்றாமல் இருந்தால் போதும். ஆனால் அதே இரும்பை “2172 ஆண்டுகளுக்கு முந்தையது” என்று எழுதும் கட்டுரைகள் வருகின்றன. அது நாலாயிரத்துச் சொச்சம் ஆண்டைப் பாதியாக்குகிற பிழை.

சரி, முதல் கட்சிக்கு வருவோம். கி.பி. மட்டும் எழுதினால் படிக்கச் சுலபம், காலவரிசை போடவும் சுலபம். சக ஆண்டோடு 78 கூட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். எங்கே இடிக்கிறது என்பதைப் பயிற்சிக்காக நானே அமைத்த ஒரு வரியில் பார்ப்போம்: “சகாப்தம் 1440, வெகுதானிய வருஷம், தை மாதம் 2ஆம் தேதி.”

1440 உடன் 78 கூட்டினால் 1518. இதில் முதல் சந்தேகம், அந்த 1440 முடிந்த ஆண்டா, நடக்கிற ஆண்டா என்பது. பெரும்பாலும் முடிந்த ஆண்டைத்தான் எழுதுவார்கள். ஆனால் நடக்கிற ஆண்டைப் பொறித்த கல்வெட்டுகளும் உண்டு, அப்போது விடை ஓர் ஆண்டு முன்னால் போகும். இதைத் தீர்த்துவைப்பது ஆண்டுப் பெயர்தான். முடிந்த சக ஆண்டோடு 12 கூட்டி 60ஆல் வகுத்தால் வரும் மீதியே அறுபது ஆண்டு வரிசையில் அதன் இடம். மீதி 0 வந்தால் அட்சய. கணினியில் பட்டியல் போடுகிறவர்களுக்கு, A2 கட்டத்தில் சக ஆண்டு இருந்தால் வாய்ப்பாடு இது:

```
=MOD(A2+12,60)
```

1452ஐ 60ஆல் வகுத்தால் மீதி 12. பன்னிரண்டாவது பெயர் வெகுதானிய. ஆக, நம் வரியில் இருப்பது முடிந்த ஆண்டு, 78 கூட்டியது சரி. அதே 1440க்குப் பக்கத்தில் ஈஸ்வர என்று இருந்திருந்தால் அது பதினோராவது பெயர். அப்போது அது நடக்கிற ஆண்டு, 77தான் கூட்ட வேண்டும். பெயர் இரண்டுக்கும் பொருந்தாமல் நாலைந்து தள்ளிப் போனால் இலக்கத்தைத் தப்பாக வாசித்திருக்கிறோம் என்று அர்த்தம், மைப்படியைத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: தென்னாட்டில் இந்த வரிசை விடுபடாமல் ஓடுவது பத்தாம் நூற்றாண்டிலிருந்துதான். அதற்கு முந்திய நுளம்பர் காலக் கல்வெட்டுகளுக்கு இந்த வாய்ப்பாட்டை நம்பி இறங்கக் கூடாது.

அடுத்தது மாதம். சித்திரை முதல் மார்கழிவரை 78, தை முதல் பங்குனிவரை 79 என்று வகுப்பில் சொல்லித்தருவார்கள். அதன்படி நம் வரி 1519 ஆக வேண்டும். ஆகாது. அன்றைய ஐரோப்பியக் கணக்கு ஜூலியன் நாட்காட்டி, கிரிகோரியன் வந்ததே 1582இல். ஜூலியன் கணக்கில் அந்தத் தை மாதம் டிசம்பர் 28 வாக்கில் பிறந்துவிடுகிறது. ஆகவே தை 2 என்பது 1518 டிசம்பர் கடைசி. அதையே இன்றைய கிரிகோரியன் கணக்கைப் பின்னோக்கி நீட்டி மாற்றினால் பத்து நாள் கூடி 1519 ஜனவரி இரண்டாம் வாரத்தில் விழும். ஒரே நாள்தான், ஆனால் எழுதுகிற ஆண்டு இரண்டு. வெறும் “கி.பி. 1519” என்று எழுதிய மாணவர் தப்பு செய்தாரா, வேறு நாட்காட்டியில் சொன்னாரா என்று திருத்துகிறவருக்குத் தெரிய வழியே இல்லை. இரண்டாவது கட்சிக்காரர் “சகம் 1440, வெகுதானிய, தை 2 (கி.பி. 1518 டிசம்பர் இறுதி, ஜூலியன்)” என்று எழுதியிருப்பார். கணக்கு பிசகியிருந்தாலும் அதில் எந்த இடத்தில் பிசகியது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

மாதம், நாள் இல்லாமல் சக ஆண்டு மட்டும் இருந்தால் “கி.பி. 1518–19” என்று இரட்டை ஆண்டாக எழுதுவதே நேர்மை. நம்மிடம் இல்லாத துல்லியத்தைக் காட்ட வேண்டியதில்லை.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் இன்னொரு சிக்கல் சேரும். அங்கே கன்னட, தெலுங்குக் கல்வெட்டுகள் நிறைய. அவற்றின் ஆண்டு சைத்ர சுத்த பிரதமையில், அதாவது யுகாதியன்று பிறக்கும். தமிழ் ஆண்டு சித்திரை 1இல். 2025இல் யுகாதி மார்ச் 30, சித்திரைப் பிறப்பு ஏப்ரல் 14. இடைப்பட்ட இரண்டு வாரம் யுகாதி கொண்டாடிய வீட்டில் விசுவாவசு, அடுத்த தெருத் தமிழ்க் குடும்பத்தில் இன்னும் குரோதி. ஆகவே சைத்ர மாதத்தைச் சித்திரை என்று மாற்றி எழுதிவிட்டால் ஆண்டுப் பெயரை வைத்துச் செய்யும் சோதனையே கெட்டுவிடும். “சைத்ர சுத்த 5” என்று இருந்தால் அப்படியே விடுங்கள். திதியைத் தேதியாக்க எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளையின் அட்டவணைகள் இருக்கின்றன, கிழமையும் கல்லில் இருந்தால் அதை வைத்து விடையைச் சரிபார்க்கலாம்.

கி.பி. மட்டும் போதும் என்பவர்கள் வசமாக மாட்டுவது திப்பு நாணயத்தில். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனி கைக்குப் போகும்வரை இந்தப் பகுதி மைசூர் ஆட்சியில் இருந்தது. திப்பு முதலில் ஹிஜ்ரி ஆண்டைப் பொறித்தார், பிறகு நபிகள் பிறப்பிலிருந்து எண்ணும் மவுலூதி கணக்குக்கு மாறினார். அதில் இலக்கங்களை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். 1218 என்ற நாணயத்தை ஹிஜ்ரி என்று எடுத்தால் 1803–04 வரும், திப்பு இறந்ததோ 1799 மே 4. மவுலூதி என்று எடுத்து 572 கூட்டினால் 1790, அதுதான் பொருந்துகிறது. மூல எண்ணையும் கணக்கின் பெயரையும் எழுதியிருந்தால் இந்தப் பிழை பார்த்த மாத்திரத்தில் தெரியும். “கி.பி. 1803” என்று மட்டும் இருந்தால், நாணயம் எங்கே தவறியது என்று தேட மறுபடி அருங்காட்சியகம் போக வேண்டியதுதான்.

பசலி அவ்வளவு படுத்தாது. ஜமாபந்தி நடக்கிற ஊரில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது: பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன்வரை. 590 கூட்டினால் தொடங்கும் ஆண்டு கிடைக்கும். இங்கும் இரட்டை ஆண்டாக எழுதினால் தொல்லை இல்லை.

ஆக, என் ஓட்டு இரண்டாவது கட்சிக்கு, ஒரு திருத்தத்தோடு. ஓடும் பத்தியில் ஒவ்வொரு தேதிக்கும் அடைப்புக்குறி போட்டால் படிக்கிறவர் திணறிப்போவார். மூலத் தேதியை முழுசாக முதல் தடவை மட்டும் எழுதி, அப்புறம் கி.பி. ஆண்டால் சுட்டலாம். கட்டுரை முடிவில் ஒரு அட்டவணை: மூலத்தில் உள்ளபடி, எந்தக் கணக்கு, கூட்டிய எண், கிடைத்த ஆண்டு, ஜூலியனா கிரிகோரியனா. அட்டவணையை எக்செலில் போடுகிறவர்கள் தேதிக் கட்டங்களை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். 1900க்கு முந்தைய நாளை அது தேதியாகவே எடுத்துக்கொள்ளாது, கழித்தல் கணக்கும் போடாது.