கார்ட் கேட்கும் ட்ரயல், கேட்காத ட்ரயல்: மூன்றாம் மாதத்தில் மிஞ்சுவது யார்?

கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளுக்கு மாதச் சந்தாவில் பில் போடும் மென்பொருள் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் 14 நாள் இலவசம். பதியும்போதே கார்ட் இலக்கத்தை வாங்கிவிடுவதா, இலவச நாட்கள் முடிந்தபின் கேட்பதா? கடைக்காரருக்கு விற்பதென்றால் பின்னால் கேட்பதே சரி என்பது என் முடிவு. ஆனால் பலரும் பார்க்கும் முதல் எண் இதற்கு எதிராகத்தான் பேசும்.

கணக்குக்காகச் சில எண்களை எடுப்போம். தளத்துக்கு 1000 பேர் வருகிறார்கள். கார்ட் கேட்டால் 20 பேர் பதிகிறார்கள், அதில் 10 பேரிடம் காசு கழிகிறது: 50 சதவீதம். கார்ட் கேட்காவிட்டால் 80 பேர் பதிகிறார்கள், 13 பேர் காசு கட்டுகிறார்கள்: ஏறத்தாழ 16 சதவீதம். சதவீதத்தை மட்டும் பார்ப்பவர் கார்ட் முறை மூன்று மடங்கு நல்லது என்பார். வந்த 1000 பேரிலிருந்து எண்ணினால் 10-க்கு எதிராக 13. கார்ட் பெட்டியைப் பார்த்ததுமே திரும்பிப் போனவர்கள் அந்த 50 சதவீதக் கணக்கில் இல்லவே இல்லை.

புறக்கோட்டையில் அப்படித் திரும்பிப் போகிறவர்கள் அதிகம். மென்பொருளைத் தட்டிப் பார்ப்பது கணக்கு எழுதும் பிள்ளை, அல்லது முதலாளியின் மகன். கார்ட் முதலாளியின் சட்டைப் பையில். ஓடிபி வருவதும் அவருடைய போனுக்குத்தான். பிடிக்குமா என்றே தெரியாத ஒன்றுக்காக, வியாபார நேரத்தில் அவரிடம் போய்க் கார்ட் கேட்க அந்தப் பிள்ளைக்குத் துணிவு வராது.

இரண்டு முறையும் உண்மையில் பிரிவது முதல் பில் அன்றுதான். கார்ட் முறையில் காசு கழிந்த 10 பேரில் இரண்டு வகையினர் கலந்திருக்கிறார்கள்: பாவித்துப் பழகியவர்கள், ரத்துச்செய்ய மறந்தவர்கள். மறந்தவரின் போனுக்கு வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் போகிறது. அதில் இருப்பது மென்பொருளின் பெயரல்ல, அவர் கேள்விப்பட்டிராத ஒரு கம்பனியின் பெயர். முதலாளி முதலில் வங்கிக்கு அடிப்பார். பிறகுதான் உங்களுக்கு: "தம்பி, ஆரைக் கேட்டு என்ர கார்டில காசு எடுத்தனீங்கள்?" காசைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்தக் கடை இனி உங்களுக்கு இல்லை. வங்கியில் முறைப்பாடு பதிந்துவிட்டால் தகராறுக் கட்டணமும் உங்கள் தலையில்.

எங்கள் கணக்கில் அந்த 10 பேரில் இருவர் இப்படிப் போகிறார்கள். ஒருவர் அடுத்த மாதம் கவனித்து ரத்துச்செய்கிறார். இன்னொருவரின் டெபிட் கார்டில் காசு இல்லாமல் கொடுப்பனவு தவறுகிறது. 90-ஆம் நாளில் மிஞ்சுவது 6. தாமாகவே கார்ட் கொடுத்த 13 பேரில் இருவர் விலகினாலும் 11 பேர் இருக்கிறார்கள். உங்கள் எண்கள் வேறாகலாம். கார்ட் முறையில் விலகல் முதல் பில்லைச் சுற்றிக் குவியும் என்பது மட்டும் மாறுவது அரிது.

விசா 2020 ஏப்ரலில் கொண்டுவந்த விதியும் இதற்காகத்தான்: இலவசக் காலம் முடிந்து காசு கழிப்பதற்குக் குறைந்தது 7 நாள் முன்னதாக நினைவூட்ட வேண்டும், இணையத்திலேயே ரத்துச்செய்ய வழி இருக்க வேண்டும். 14 நாள் ட்ரயலில் அந்த நினைவூட்டல் பாதி வழியிலேயே போய்விடும். மறதியை நம்பிய வருமானம் அத்தோடு சுருங்கும், சுருங்கட்டும்.

கார்ட் கேட்காத முறைக்கும் செலவு உண்டு. காசு கட்டாமல் போகும் 67 பேரும் போன் எடுப்பார்கள், சிலர் புது மின்னஞ்சலில் மறுபடி பதிவார்கள். மொத்த எஸ்எம்எஸ் அனுப்பும் சேவை போல, ஒவ்வொரு ட்ரயலுக்கும் உங்கள் கைக்காசு போகிறதென்றால் கார்ட் கேட்பதே நியாயம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு, எனக்குப் பிடித்தது அதுதான். கடை தன் சாமான் பட்டியலை ஏற்றி 50 பில் போட்டபின் கார்ட் கேளுங்கள். கொடுத்தால் இன்னும் 14 நாள் இலவசம். அதற்குள் முதலாளியே அன்றைய விற்பனைக் கணக்கைத் திரையில் பார்த்திருப்பார். கார்ட் கேட்கப் பிள்ளை தயங்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே கார்ட் முறையில் இருக்கிறவர்கள் காசு கழிந்த ஒவ்வொருவரும் கடைசியாக உள்நுழைந்த தேதியை எடுத்துப் பாருங்கள். கழிப்பதற்கு முந்திய 7 நாளில் ஒருமுறையும் திறக்காதவரின் காசு உங்கள் பொருளுக்கு வந்த காசல்ல. அவரிடம் கழிக்காமல், தொடர விருப்பமா என்று கேட்டு எழுதுங்கள். இரண்டு முறையையும் ஒப்பிட்டுச் சோதிப்பதானால், புதிதாக வருகிறவர்களைத் தற்செயலாக இரண்டாகப் பிரித்து, மூன்றாவது பில் வரை பொறுங்கள். 10-க்கும் 13-க்கும் உள்ள வித்தியாசம் வெறும் தற்செயலாகவும் இருக்கலாம், ஆகவே ஒரு மாத எண்ணை வைத்து எதையும் மாற்ற வேண்டாம்.